பொருத்தம் அனுப்பும் தளம்

‘இன்றும் அவருக்கு ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். உடுவில்காரி. எங்கள் சாதகப் பொருத்தத்தைவிட ஒரு பொருத்தம் கூடுதல்.’

தைப்பொங்கலுக்கு மறுநாள் நான் எழுதிய குறிப்பு. கலியாணத்துக்கு முன் கணவர் பதிந்திருந்த திருமணத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது.

“இஞ்சேருங்கோ, உதை நிப்பாட்டேல்லையோ?”

“விலகு எண்டதை எப்பவோ அமத்தினனான். நீர் ஏன் எரியிறீர்?”

தளத்தில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். வாராந்தச் செய்திமடலிலிருந்துதான் விலகியிருந்தார். ‘புதிய பொருத்தங்கள்’ வேறு மின்னஞ்சல் பட்டியல்; அதில் அவர் இன்னும் இருந்தார். அதைவிட, அவருடைய பக்கம் படத்தோடு அப்படியே இருந்தது: மணமாகாதவர்.

“அப்ப உவளுக்கும் உங்கடை படம் போகுமே! கணக்கையே அழியுங்கோ.”

என் முன்னாலேயே அழித்தார். பிறகு எதுவும் வரவில்லை. அதற்குள் அந்த உடுவில்காரி இவருடைய படத்தைப் பார்த்துவிட்டாளா என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை.