பதில் போடாத கல்

கிஷிவாதா ஊரில், கற்களை வைத்து இடம் பிடிக்கும் 'கோ' பலகையாட்டக் கழகத்தில் கினுயோ என்றால், எங்கே மிரட்டினாலும் ஓடிவந்து பதில் கல் வைப்பவள் என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான்.

அன்று வீட்டில் ஆட்டம் முடியும் கட்டம். கொழுந்தன் தெய்ஜி ஓரத்து எல்லையில் ஒரு கல்லை வைத்தான். அவள் பதிலுக்குக்கூடக் காத்திராமல் மூலையைப் பிடிக்க அடுத்த கல்லையும் எடுத்துவிட்டான்.

"இது செந்தே அண்ணி, பதில் போட்டே ஆகணும். அடைச்சிட்டு அப்படியே டீ கொண்டாங்க."

கினுயோ எண்ணினாள். அடைக்காவிட்டால் ஆறு புள்ளி போகும். அடைத்தால் மூலையின் பத்து அவனுக்கு. மூலையில் தன் கல்லை வைத்தாள்.

"ஐயோ, இங்க ஆறு போகுதே!"

"போகட்டும். நான் பயந்து அடைச்சாத்தானே அது செந்தே?"

மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

"சரி, டீ எங்க அண்ணி?"

"நீயே போடு. எனக்கும் சேர்த்து."