களிமண் மூட்டையும் கால் கிலோ ஈரலும்

"ஒரு கை ஈரல் ஒரு முழு ஆட்டுக்குச் சமம்! இதத் தின்னவனுக்குச் சோறே வேணாம். ரயிலு இஞ்சின கழட்டி வுட்டுட்டு, வண்டிய அவனே இழுத்துக்கினு உளுந்தூர்பேட்டை போயிடுவான்!"

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கறிக்கடை போட்டிருந்த கொளஞ்சி கத்தியை ஆட்டி ஆட்டிச் சொன்னதுதான் இது. இருபது வயசு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் அவனை விட்டதா, அவன் பள்ளிக்கூடத்தை விட்டானா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. வாய்க்கு வந்ததை அடித்துவிடுவான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், கறி வாங்குவார்கள், போவார்கள். யாரும் நம்பியதில்லை.

பாஞ்சாலை நம்பினாள்.

அவள் பிறந்தது கம்மாபுரம். பீங்கான் பட்டறையில் களிமண் கலக்கிற வேலை. முழங்கால் வரைக்கும் வெள்ளை ஏறிய கால்களோடு அவள் சாலையில் நடந்து வந்தால், பாதி செய்து வைத்த பீங்கான் பொம்மைக்கு உயிர் வந்து கடைக்குக் கிளம்பிவிட்டது போல இருக்கும். புருஷன் கலியமூர்த்தி அதே பட்டறையில் மூட்டை தூக்கியவன். நெஞ்சுச்சளி நோய் வந்து, ஆஸ்பத்திரி ஊசியும் மாத்திரையுமாக அலைந்து ஒருவழியாகக் குணமாகியிருந்தான். நோய் போனது, போகும்போது சதையையும் கொண்டு போய்விட்டது.

பட்டறை முதலாளி மாணிக்கவேல் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய தராசின் ஒரு தட்டில் ஐம்பது கிலோ களிமண் மூட்டையை வைப்பார். மறு தட்டில் ஆள் உட்கார வேண்டும். மூட்டை மேலே போனால் வேலை. ஆள் மேலே போனால் வீடு.

"மூட்டைய வுட லேசா இருக்கறவன் மூட்டைய தூக்கனா, மூட்டதான் அவன தூக்கும்" என்பார். "ஒடம்ப தேத்திக்கினு வா, கலியா. ஒன் எடம் அப்படியேதான் இருக்குது."

அதனால்தான் பாஞ்சாலை தினமும் கடைக்கு வந்தாள். "தம்பி, கால் கிலோ ஈரல் மட்டும் குடு. கறி வேணாம்."

தேக்கிலையில் மடித்துக் கொடுக்கும்போதெல்லாம் கொளஞ்சிக்குப் பெருமை தாங்காது. தராசு ஏறும் நாளன்று கடையைச் சாத்திவிட்டு, தன் ஈரல் ஜெயிப்பதைப் பார்க்கப் பட்டறைக்கே போய்விட்டான்.

கலியமூர்த்தி சட்டையைச் சரிசெய்துகொண்டு தட்டில் உட்கார்ந்தான். சங்கிலி கிறீச்சிட்டது. மூட்டை எழும்பவே இல்லை. கலியமூர்த்திதான் மெல்ல மெல்ல மேலே போனான். கால்கள் தரையை விட்டுத் தொங்கின, ஊஞ்சலில் ஏறிய குழந்தை மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. கொளஞ்சி தயாராக வைத்திருந்த சவடால் செலவாகாமலே போனது.

பாஞ்சாலை புருஷனைக் கையைப் பிடித்து இறக்கினாள். முகத்தில் அழுகையோ கோபமோ இல்லை. கொளஞ்சியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஈரல் தின்னணும்போல தம்பி. நாளைலேர்ந்து கூடப் போடு" என்றாள்.

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

மறுநாள் ஆஸ்பத்திரி நர்சு அமிர்தம் கறி வாங்க வந்தாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் ஊரில் இல்லை.

"சிஸ்டர், ஈரல்ல சத்து ஜாஸ்திதான?"

"எந்தச் சத்த கேக்கற?"

"சத்துன்னா சத்துதான். அதுல இன்னா சாதியா, பிரிவா?"

"இருக்குதுப்பா" என்று சிரித்தாள். "நூறு கிராம் செம்மறிக் கறின்னா பதினெட்டு, பதினெட்டரை கிராம் புரதம். நூறு கிராம் ஈரல்ல பத்தொன்பது. ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணுதான். ஆனா கறில கொழுப்பு பதிமூணு கிராம். ஈரல்ல ஏழரைதான். அதனால கறில கலோரி நூத்தித் தொண்ணூறுக்கு மேல, ஈரல்ல நூத்தம்பது."

"அதனாலன்னா?"

"புரதம் ஒரு கிராமுக்கு நாலு கலோரி, கொழுப்பு ஒரு கிராமுக்கு ஒம்போது. நீயே பெருக்கிக் கூட்டிப் பாரு."

பெருக்கினான். விரலை மடக்கி, மடக்கியதைத் தொலைத்து, மறுபடி மடக்கினான். கறிக்கு நூற்றுத் தொண்ணூறு வந்தது. ஈரலுக்கு நூற்றைம்பதை ஒட்டி வந்து நின்றது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து அளந்தது, அவன் வெட்டுமரத்தின் மேலேயே வந்து சரியாகப் பொருந்தியது.

"மூளை?"

"புரதம் பத்துதான். கறில பாதி. மிச்சம் கொழுப்பும் தண்ணியும்."

"வெள்ளாடு?"

"அது கறியே காய்ஞ்ச கறி. கொழுப்பு நாலு கிராம்கூடத் தேறாது. அதோட ஈரலுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது. ஏம்பா, யாருக்கு இதெல்லாம்?"

சொன்னான். அமிர்தம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஈரல் ரத்தத்துக்கு நல்லது, நிறுத்த வேணாம். ஆனா எடை ஏற கலோரி வேணும்பா. அந்த ஆளு சோறு திங்கறாரா?"

சோறே வேணாம் என்று கத்தியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவனுக்குக் காது சுட்டது.

அவள் போன பிறகு கொளஞ்சி கத்தியைப் பார்த்தான். செம்மறிக் கறி வெட்டிய கத்தியில் கொழுப்பு வெள்ளையாக அப்பியிருந்தது. வெந்நீர் ஊற்றினால்தான் போகும். ஈரல் வெட்டினால் ஒரு துடைப்பில் போய்விடும். இத்தனை வருஷமாகக் கத்தி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே வயிறு, ஒரே புல், ஒரே ரத்தம். அதில் ஒரு துண்டு இப்படி, பக்கத்துத் துண்டு அப்படி. தொங்குகிற ஆட்டைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தான்.

பாஞ்சாலையிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவளோ ஓசியில் கறிவேப்பிலைகூட வாங்காதவள். கலியமூர்த்தியோ ஈரலை மருந்தாக நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்கிறவன். கொளஞ்சி தனக்குத் தெரிந்த வழியில் போனான். தன் வீட்டுக்கு எடுத்துவைக்கும் பங்கிலிருந்து, கொழுப்புப் படிந்த செம்மறி நெஞ்சுக்கறியில் இரண்டு கை அள்ளி இலையின் அடியில் வைத்தான். மேலே ஈரலைப் பரப்பி மூடினான்.

"யக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டன். ஈரல் உள்ள போயி வேல செய்யணும்னா, அது மேல வயிறு நெறைய சோறு வுழணும். நல்லெண்ணெ வுட்டுப் பெசஞ்ச சோறு. இல்லன்னா ஈரல் கோச்சிக்கும்."

"அன்னிக்குச் சோறே வேணாம்னு சொன்னியே?"

"அது போன மாச ஈரல். இது வேற ஆடு."

பாஞ்சாலை அவனை ஒரு கணம் பார்த்தாள். பொட்டலத்தைக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டாள். கிளம்பிவிட்டாள். பிறகு தினமும் அப்படியே நடந்தது. ஈரல் மேலே, கறி கீழே. கொளஞ்சி தன் வீட்டில் குடல் குழம்பு தின்றான்.

மணிமுத்தாறு வற்றி மணல் தெரிந்த பருவத்தில் மறுபடி தராசு. சங்கிலி கிறீச்சிட்டது. தட்டு ஆடியது. முதலில் கலியமூர்த்தி கொஞ்சம் மேலே போனான். பிறகு, யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பது போல, கலியமூர்த்தி இறங்கினான். இறங்கிக்கொண்டே இருந்தான். அவன் குதிகால் மண்ணைத் தொட்டது. எதிரே அந்தக் களிமண் மூட்டை எழும்பி அந்தரத்தில் நின்றது. மாணிக்கவேலே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சோறும் கொழுப்பும் எண்ணெயும் சேர்ந்து ஒரு மனுஷனாக மாறி உட்கார்ந்திருப்பதைக் கொளஞ்சி கண்ணால் பார்த்தான். பழக்கம் விடவில்லை, கத்தினான்:

"பாத்தீங்களா! நான் அன்னிக்கே சொல்லல? ஒரு கை ஈரல் ஒரு முழு ஆட்டுக்கு..."

"டேய் கொளஞ்சி."

பாஞ்சாலை மடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். கழுவிக் காயவைத்த நெஞ்செலும்புகள் உள்ளே கிடந்தன.

"ஒன் ஈரல ஆக்கறவ நான்தான்டா. மொத நாளே பல்லுல பட்டுது. இவரு தேறட்டும்னுதான் வுட்டு வச்சன்" என்றாள். "நாளைலேர்ந்து கறிக்கும் காசு குடுத்து வாங்கறன். எலும்ப எடுத்துட்டு ஈரல் போடு."