நான்கு வாரமும் நான்கு தட்டும்

தம்போய் என்ற ஊரில் நான் வேலை செய்த சமையல்கூடத்திலிருந்து பக்கத்துத் தொழிற்சாலைக்கு மத்தியானச் சாப்பாடு போகும். தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தபடி வெட்ட, கழுவ, துடைக்க நான். ஒரு நாள் எங்கள் கோழிக்கறியைச் சாப்பிட்டவர்களுக்கு அன்று ராத்திரியே வயிற்றுவலி, பேதி. மறுநாள் முதலாளி வந்து கத்தியபோது சமையல்காரர் சற்றும் யோசிக்காமல் என் கையைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, வெரல்ல வெட்டுக் காயம். இந்தக் கையோட கோழிய அலசினா பின்ன என்ன ஆகும்?"

காயத்துக்கு பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறையும் போட்டிருந்தேன். சொன்னால் யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து என்னைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குத் தள்ளிவிட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து சாப்பாடு எடுக்க வரும் டிரைவர்கூட என் விரலைப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தொடுவான். அந்தச் சமையல்காரர் மூஞ்சியில் கரியைப் பூசாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

தொழிற்சாலைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டதால், உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் சான்றிதழ் உள்ள ஒருவர் இனி கூடத்தில் இருந்தாக வேண்டும் என்றார் முதலாளி. பரீட்சைக்கு நான்கு வாரம் இருந்தது. சமையல்காரர் தன் பெயரைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

"வெங்காயம் உரிக்கிறவளுக்கு சர்டிபிகேட்டா? அலமாக்!" என்று மலாய்க்காரர் பாணியில் வாயைப் பிளந்து சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் நான்கு வாரத்துக்கும் திட்டம் எழுதி, என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வேலை நாளில் தேநீர் இடைவேளையில் இருபது நிமிடம், பஸ்ஸில் போக வர அரை அரை மணி நேரம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பிரயோசனமில்லை என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வாசித்ததை மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வராததை மட்டும் மறுநாள் தாளில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துப் பாடம் முழுவதையும் கேள்வியாகக் கேட்டுக்கொள்வேன்.

மனதில் நிற்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு விதியோடும் சமையல்காரர் செய்யும் ஒரு தப்பைக் கோத்துவிடுவேன். முதல் வாரம் வெப்பநிலை. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி கும்மாளமிடும். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் அடுப்பில்லாத மேசையில் சாம்பாரை வைத்திருப்பாரே, அது. கோழியின் நடுப்பகுதி எழுபத்தைந்தைத் தொட வேண்டும். தெர்மாமீட்டரைத் தொடாமல் கரண்டியால் அமுக்கிப் பார்த்து "வெந்திருச்சி" என்பாரே, அது. இரண்டாம் வாரம் கை சுத்தமும் துப்புரவும். பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவார். ஒரே துணியில் கத்தி, மேசை, கடைசியில் தன் கழுத்து! ஐயோ, எத்தனை அழகாக மனதில் பதிந்தது. எனக்கு அவரைவிட நல்ல வாத்தியார் வேறு யாரும் கிடைத்திருக்க முடியாது.

என்னோடு பாத்திரம் கழுவிய மலாய்க்கார அக்கா, தட்டைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் தண்ணீரை மூஞ்சியில் தெளிப்பாள். இரண்டாவது வாரக் கடைசியில் என் மூஞ்சி காய்ந்தே இருந்தது.

மூன்றாம் வாரம் நோய்கள். எந்தக் கிருமி, எதிலிருந்து, எத்தனை மணி நேரத்தில், என்ன செய்யும் என்று ஓர் அட்டவணை. அதற்காகத்தான் ஆசையோடு காத்திருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து விரலால் தேடினேன். புண்ணிலிருந்து வரும் கிருமி: சில மணி நேரத்திலேயே, முக்கியமாக வாந்தி. அன்று யாருக்குமே வாந்தி இல்லையே! மத்தியானம் சாப்பிட்டவர்களுக்கு ராத்திரிதானே வலி வந்தது! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் சொன்னது பொய் என்பதற்கு அச்சடித்த சாட்சி கிடைத்துவிட்டது. அதை முதலாளி முன்னால் வாசித்துக் காட்டும்போது சமையல்காரர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

பிறகு அடுத்த வரியையும் படித்தேன். வயிற்றுவலி, பேதி; வாந்தி அநேகமாக இராது; எட்டிலிருந்து பதினாறு மணி நேரம். காரணம்: பெரிய பாத்திரத்தில் சமைத்து மெதுவாக ஆறவிட்ட கறி. சமைக்கும் சூட்டிலும் இந்தக் கிருமியின் வித்து சாகாது. ஆறும்போது முளைத்துப் பெருகும். அதனால் அறுபதிலிருந்து இருபத்தொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அதிலிருந்து ஐந்துக்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து வைக்க வேண்டும்.

அந்தக் கறி முதல் நாள் சாயங்காலமே சமைத்தது. வீட்டுக்குப் போகும்போது அவர் சொல்லிவிட்டுத்தான் போனார், "நாலு தட்டுல பிரிச்சு வச்சிட்டுப் போ" என்று. வேண்டுமென்றே எனக்கு வேலை வைக்கிறான் பாவி என்று கறுவினேன். நாலு தட்டில் பிரித்தால் காலையில் நாலு தட்டையும் நான்தானே கழுவ வேண்டும்? வெளியே, எங்களை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடும் வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சுடச்சுட இருந்த சட்டியை மூடியோடு சில்லர் குளிர்பெட்டியில் தள்ளிவிட்டு ஓடினேன்.

காலையில் அவர் வருமுன் நானே சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டேன்; அவர் அதை வெதுவெதுப்பாகச் சூடாக்கி அனுப்பினார். எழுபத்தைந்தைத் தொடும்வரை சூடாக்கியிருந்தால் தப்பியிருக்கலாம். அந்தத் தப்பு அவருடையதுதான், விட மாட்டேன். ஆனாலும் சட்டியைத் தள்ளியது என் கை. அவர் சொன்ன காரணம் பொய். காட்டிய ஆள் சரி. பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

முதலாளியிடம் அட்டவணையைக் காட்டவில்லை. காட்டினால் அடுத்த வரியையும் படிப்பார் அல்லவா? வெறி மட்டும் குறையவில்லை. என்மேல் வந்த கோபத்தையும் சமையல்காரர் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். நான்காவது வாரம் புதிதாக எதையும் படிக்காமல், நேரம் வைத்து மாதிரிக் கேள்விகளாகவே போட்டுப் பார்த்தேன். தப்பானதை மட்டும் திரும்பப் படித்தேன். பரீட்சையில் பெரிய சட்டிக் கறி பற்றி ஒரு கேள்வி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சரியான விடையைக் குறித்தேன்.

நான் தேறினேன். அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம், தேறவில்லை. முதலாளி எல்லார் முன்னாலும் சூட்டையும் ஆறவைத்ததையும் தினமும் எழுதிக் கையெழுத்திடும் பதிவுத்தாள் செருகிய அட்டையை என் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் ஒரு சட்டிக் கோழிக்கறி இறங்கியது. அவருக்கு உத்தரவு போட எத்தனை நாள் ஆசை!

"அண்ணே, நாலு தட்டுல பிரிச்சு வைங்க," என்றேன்.

கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார். "இதத்தான நான் ஒனக்கு அன்னிக்கே சொன்னேன்?"

"ஆமாண்ணே. சொன்னீங்க."

"பிரிச்சு வச்சியா?"

அக்கா தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தாளில் 'கறி ஆறவைத்த விதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதன் கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து. நான் உண்மையைச் சொன்னால் அந்த அட்டை அந்த நிமிடமே என் கையைவிட்டுப் போய்விடும்.

"வச்சேனே," என்றேன்.

அவர் தட்டுகளை எடுத்து வைத்தார். ஒருவேளை நம்பினாரோ என்னவோ. ஆவி பறக்கக் கறி நான்கு தட்டிலும் பரவியது. தெர்மாமீட்டரைச் செருகி, எண்ணைப் பார்த்து, சரியாக எழுதி, காயம் ஆறிய அதே விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"நாளைக்கு இந்தத் தட்டையெல்லாம் நீங்கதான் கழுவணும்ணே," என்றேன்.