‘தற்காலிகம்’ என்று நான் எழுதிய வரி

எங்கள் அலுவலகத்தில் சர்வர், நெட்வொர்க், சேமிப்பிடம் எல்லாவற்றையும் முதலில் டெராஃபார்ம் கோப்புகளாக எழுதுவோம். அவற்றை இயக்கினால் கிளவுடில் எல்லாம் தானாக உருவாகிவிடும். இயக்குவதற்கு முன் ஒரு ஸ்கேனர் அந்தக் கோப்புகளைப் படித்து, எதைத் திறந்துபோட்டிருக்கிறோம், எதைப் பூட்ட மறந்தோம் என்று சொல்லும். தவறு இருந்தால் மேலே போக விடாது.

அந்த ஸ்கேனரைக் கொண்டுவந்தவள் நான்தான். அதன் ஏதாவது ஒரு சோதனையிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் காரணத்தைக் கோப்பிலேயே எழுத வேண்டும் என்பது என் சட்டம். காரணம் பிடிக்காவிட்டால் கத்துவேன். ஸ்கேனரும் நானும் இரட்டைப் பிறவிகள் என்று குழுவில் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

பக்கத்து மேசைக்காரி பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வடை வாங்கினால் எனக்கென்று பாதியைப் பிய்த்து வைக்காமல் தின்னமாட்டாள். அவளுக்குக் காண்ட்ராக்ட் வேலை. அந்த மாதத்தோடு முடிகிறது. பல் மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே சேமிப்பு அமைப்பை வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏற்றிவிட்டால் நீட்டிப்பைப் பற்றிப் பேசலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அது அவளுக்குக் கிடைத்தாக வேண்டுமென்று அவளைவிட எனக்குத்தான் தவிப்பு.

வெள்ளிக்கிழமை முற்பகலிலேயே ஸ்கேன் முடிந்தது. ஒரு தவறும் இல்லை. நான் சந்தோஷமாக பிரியாணி சாப்பிடக் கிளம்பினேன். அவள் வரவில்லை. இரண்டு மணிக்கு என் மேசைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, கோபப்படாதீங்க. ஒண்ணு காட்டணும்.”

“ஸ்கேன் பாஸ் ஆயிடுச்சுலா. இன்னும் என்ன?”

அவள் தன் லேப்டாப்பைத் திருப்பினாள். நீளமான பட்டியலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அதனால் தவறுகளை மட்டும் காட்டினால் போதும் என்று ஸ்கேனரை அமைத்து வைத்திருந்தேன். நான்கு மாதம் விட்டுப்போன வேலையைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று அவளோ முழுப் பட்டியலையும் வரவழைத்து, ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். அதில் ஒரே ஒரு சோதனை விலக்கப்பட்டிருந்தது. காரணம்: ‘தற்காலிகம். அடுத்த வாரம் எடுத்துவிடுவேன்.’

எழுதியது நான். எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கோப்பில், இரண்டு வருடத்துக்கு முன்னால். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் என் இணைய முகவரி அடிக்கடி மாறியதால், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் 22-ஆம் எண் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டிருந்தேன். விலக்கு இருந்ததால் ஸ்கேனர் தடுக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

வெட்கம் வருவதற்கு முன் கோபம்தான் வந்தது.

“இதை இன்னைக்குத்தான் தோண்டணுமா? டெப்ளாய்மென்ட் நின்னா உன் காண்ட்ராக்ட் என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும். ஆனா அதுல பேஷண்ட்ஸ் எக்ஸ்ரே படமெல்லாம் வரும்க்கா. பார்த்துட்டு எப்படி அனுப்புறது?”

எழுந்து மேனேஜரிடம் போனேன். தவறு என்னுடையது, கண்டுபிடித்தது அவள் என்று சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டார்.

இருவரும் உட்கார்ந்து அந்த விலக்கை அழித்தோம். அலுவலகத்தின் பாதுகாப்பான இணைப்பான விபிஎன் முகவரிகளுக்கு மட்டும் வழி விட்டோம். அதே கோப்பிலிருந்து உருவாகி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்களையும் சரிசெய்து, அவற்றின் பதிவுகளைப் புரட்டினோம். தட்டிப் பார்த்தவர்கள் ஏராளம். நுழைவதற்கான டிஜிட்டல் சாவி இல்லாததால் ஒருவரும் உள்ளே நுழையவில்லை.

திங்கட்கிழமை காலை முழுப் பட்டியலையும் சேர்ந்து படித்துவிட்டு, அவளே ஏற்றினாள். மதியத்துக்குள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு இன்னொரு வருடம் நீட்டிப்பதாகச் சொன்னார். அவள் அழுதாள். நான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அன்று தேக்காவில் சாப்பிடும்போது கேட்டேன்: “வெள்ளிக்கிழமை அதை எத்தனை மணிக்குப் பார்த்தே?”

“பன்னிரண்டுக்கே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ரெண்டு மணி வரைக்கும் என்ன பண்ணே? காண்ட்ராக்ட் போயிடும்னு யோசிச்சியா?”

“இல்லைக்கா. அது போனா வேற வேலை தேடிக்கலாம். நீங்க கத்துவீங்களேன்னு பேன்ட்ரியில உட்கார்ந்திருந்தேன்” என்று சிரித்தபடி, பாதி வடையை என் தட்டில் வைத்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. தலை நிமிராமல் அந்த வடையைத் தின்றேன்.