நாயின் கழுத்தில் சிவப்புத் துண்டு

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படங்களுக்குச் சாயம் தீட்டி வந்தாள் அக்னஸ். 1978 தீபாவளிக்கு முன், சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் அழகம்மா தன் நாயின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தாள். நாயின் கழுத்தில் தடித்த கயிறு கட்டியிருந்தது.

"தீவாளிக்குக் கட்டுற மாதிரி ஒரு சிவப்புத் துண்டு போட்டுவிடுங்கக்கா. கயிறு தெரியக் கூடாதுலா."

அக்னஸ் முதலில் அகலமாகத் தீட்டினாள். கழுத்தே காணாமல் போய்த் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, கழுத்தின் வளைவுக்கேற்பத் துண்டைச் சிறிதாக்கினாள். அடியில் மெல்லிய நிழல் வைத்தாள். நுனித் தூரிகையால் ரோமங்களைத் துண்டின் விளிம்புக்கு மேல் இழுத்துவிட்டாள். தொங்கிய கயிற்றைத் தரையின் நிறத்தால் மூடினாள்.

படத்தை வாங்க வந்த அழகம்மா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"வீட்டுல நாய் நல்லா இருக்கா?" என்று கேட்டாள் அக்னஸ்.

"சுட்டுட்டாங்க. லைசென்ஸ் இல்லாத நாயச் சுட கவுன்சில் ஆளுங்க வந்தாங்க. மத்ததெல்லாம் ரப்பர் காட்டுக்குள்ள ஓடிருச்சு. இத நான்தான் கட்டிப் போட்டிருந்தேன்."

அக்னஸ் ஓர் உறையை எடுத்தாள். அதில் போட்டுத் தருவதற்குள், அழகம்மா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள்.