அக்கா தேடக்கூடிய பேர்

பிள்ளைகளே, உங்கள் அத்தை, என் ஒரே அக்கா, கல்யாணமாகிக் கப்பலேறி இந்தியா போனபோது எனக்கு ஆறு வயசு. சில வருஷத்தில் கடிதமும் நின்றுபோனது. என்றாவது அவள் கண்ணில் படட்டும் என்றுதான், கண்டியில் ஹுன்னஸ்கிரியப் பக்கம் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தைப் போனில் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன். தலைப்பில் தோட்டத்தின் இங்கிலீஷ் பேரை எழுதினேன். நாலு மாதமாகியும் பார்த்தது நம்ம வீட்டு ஆட்கள்தான்.

"அப்பா, இது வெள்ளக்காரத் தொர வச்ச பேரு. தொரைக்கா வீடியோ போட்டீங்க? அத்தை எப்படிச் சொல்லுவாங்களோ அதைப் போடுங்க," என்று சிரித்தாள் பெரியவள்.

நாங்கள் கல்லுத்தோட்டம் என்றுதான் சொல்வோம். பெரியவள் யூடியூபில் தேடும் இடத்தில் அதை அடித்ததுமே, 'கல்லுத்தோட்டம் கண்டி', 'கல்லுத்தோட்டம் மாரியம்மன் கோயில்' என்று மற்றவர்கள் தேடுகிற சொற்கள் கீழே வந்தன. அந்தச் சொற்களையே தலைப்பில் வைத்தோம். விளக்கத்தில் எங்கள் அப்பா பேரை எழுதி, அதன் கீழே 0:00 கோயில், 1:10 தண்ணிப் பீலி, 2:35 அஞ்சாம் லயம் என்று நேரம் போட்டதும், வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்து நின்றது. அந்த அஞ்சாம் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் இருந்தோம்.

போன வாரம் பெரியவள், எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்ற பட்டியலைக் காட்டினாள். ஒருவர் 'கல்லுத்தோட்டம் அஞ்சாம் லயம்' என்று தேடி வந்திருக்கிறார். யார் என்று அது காட்டாது. வந்தவரும் ஒன்றும் எழுதவில்லை.

அன்றைக்கே விளக்கத்தின் முதல் வரியை மாற்றினேன்: "அக்கா, தம்பி இங்கேதான் இருக்கேன். ஒரு வரி எழுதுக்கா."