நீலக் காரின் பின்பக்கம்

என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை என் அப்பா காரை வைத்துத்தான் எடை போட்டார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் யாரும் வெட்கப்படவில்லை, நான் மட்டும் ஏன் படவேண்டும்?

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்களை எண்ண ஒரு கை விரல்கள்கூட வேண்டாம். கருமத்தம்பட்டியில் அப்பாவுக்குத் தறிப்பட்டறை. தறி ஓடினால் சிரிப்பார், கரண்டு போனால் அம்மாவைத் திட்டுவார். அவருடைய உணர்ச்சிகள் அந்த அளவில் எளிமையானவை.

கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில் குடும்பத்திலிருந்து ஜாதகம் வந்தது. பையன் அப்பாவோடு மில்லைப் பார்த்துக்கொள்கிறானாம். அதாவது அப்பா மில்லைப் பார்ப்பார், இவன் அப்பாவைப் பார்ப்பான். பொருத்தம் எட்டா ஒன்பதா என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு நிமிடம்தான் பேசப்பட்டது. மீதி நேரமெல்லாம் அவர்களுடைய கார்தான் பேச்சு.

வட்டத்துக்குள் மூன்று கை நட்சத்திரம் போட்ட ஜெர்மன் கார். கம்பெனிப் பெயரைச் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் அதில் ஒரு புது மாடல் நம் நாட்டில் வரத் தொடங்கியிருந்தது. ‘E 230’ என்று அதற்குப் பெயர். "இந்த வருசந்தானுங்க எடுத்தோம், E டூ தேர்ட்டி" என்று பையனின் அப்பா தரகரிடம் சொல்லியிருந்தார். தரகர் அதை எங்கள் வீட்டில் வந்து சாமி பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "கல்யாணத்தை ஆவணியிலயே வெச்சுக்கலாம்னு சொல்றாங்க. புள்ள படிச்ச வரைக்கும் போதும்னுட்டாங்க."

படித்த வரைக்கும் போதும். மூன்று வருடம் டிராயிங் ஹாலில் முதுகொடிய நின்று, லேத்தில் கை கருத்து, பையன்களின் கிண்டலை விழுங்கிக்கொண்டு படித்த படிப்பை இந்த மூன்று வார்த்தைகளில் மடித்து வைத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது கடைசி வருடமும் பட்டமும் மட்டும்தான். அப்பாவிடம் கெஞ்சினேன். "கார் அவிய சொன்ன கார்தானான்னு பாத்துப்போட்டு முடிவு பண்ணலாம் கண்ணு" என்றார். என் படிப்பு ஒரு காரின் பின்பக்கத்தில் தொங்கியது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் ஆள் அனுப்பி விசாரிப்பது வழக்கம். பக்கத்து மளிகைக் கடையில், எதிர்வீட்டில், சலூனில் கேட்பார்கள். குணம், குடி, கடன் எல்லாம் கேட்பார்கள். எங்கள் சித்தப்பா கேமராவை எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்ற காரை எதிர்ப்புறத்து டீக்கடையிலிருந்து படம் பிடித்து வந்தார். மாப்பிள்ளையைப் பிடிக்கத் தோன்றவில்லை.

படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கினார்கள். கருநீலக் கார், பின்பக்கம், கொஞ்சம் சாய்வாக. நம்பர் பிளேட்டுக்கு நேர் முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். கேன் இரண்டும் பிளேட்டை முழுக்க மறைத்துவிட்டன. நம்பர் தெரிந்திருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருவரைப் பிடித்து வருடத்தைக் கேட்டிருப்பார்கள். "இன்னொருக்கா போய் எடுத்துட்டு வாயேன்" என்று அப்பா சொன்னதற்குச் சித்தப்பா, "ரண்டு தடவை நின்னா ஆருன்னு கேப்பாங்கண்ணா, கௌரவம் என்னாவறது?" என்றார். டீக்கடையில் ஒளிந்து படம் எடுத்ததில் போகாத கௌரவம் அது.

பீளமேட்டில் வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கும் ஒருவர் இருந்தார். பின்னால் ஒர்க்‌ஷாப், முன்னால் ஆபீஸ். கல்லூரி விடுதிக்கு வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மெக்கானிக்கல் படிக்கிறேனாம், ஏதாவது புரியுமாம். அன்றுதான் என் படிப்பு அப்பாவுக்கு முதன்முறையாகப் பயன்பட்டது.

கார் வியாபாரி தங்க பிரேம் கண்ணாடி போட்டவர். எங்களை உட்காரச் சொல்லாமலே படத்தை வாங்கினார்.

"ஏனுங்க, இது புது E 230-தானுங்களே?" என்றார் அப்பா.

"டிக்கியிலயே எழுதியிருக்குதே" என்றார் சித்தப்பா. "வீலு பாருங்க, அலாய் வீலு. அப்ப இருக்கறதுலயே ஒசந்ததுதானுங்க."

வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதியிருக்கறதெல்லாம் நெசமுன்னா லாரிக்குப் பின்னால எழுதியிருக்கறதயும் நம்போணும்" என்றார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து வீலிலிருந்து ஆரம்பித்தார்.

தட்டை முகம், ஓரத்தைச் சுற்றிப் பதினைந்து சின்ன ஓட்டைகள். இந்த அலாய் எண்பதுகளில் வந்தது, பிறகு எட்டு ஓட்டை வீல் வந்துவிட்டது என்றார். "ஆனா வீலை மட்டும் வெச்சு சொல்லமுடியாதுங்க. நாலு போல்ட்டைக் கழட்டுனா யாரு வீலை வேணும்னாலும் யாருக்கும் மாட்டலாம்." அது நான்கு இல்லை, ஐந்து போல்ட் என்பது வேறு விஷயம். நான் திருத்தவில்லை.

அடுத்து பின்விளக்கு. இங்கே அவர் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு புத்தகத்தை விரித்துப் புது E 230-இன் படத்தைக் காட்டினார். அதில் விளக்கு முக்கோணச் சாயலில், பக்கவாட்டில் வளைந்து ஓடுகிறது. எங்கள் படத்தில் இருப்பது அகலமான செவ்வகம். குறுக்கே வரிவரியாகப் பள்ளம். இது முந்தைய மாடலின் உடம்பு. அதிலும் இண்டிகேட்டர் பகுதி பளிச்சென்ற ஆரஞ்சு. அந்தப் பழைய உடம்பிலேயே கடைசியாக வந்த வண்டிகளில் ஆரஞ்சை எடுத்துவிட்டு மங்கிய வெளிர்நிறக் கண்ணாடி போட்டுவிட்டார்களாம்.

"லைட்டையும் மாத்தியிருக்கலாமுங்களே?" என்றேன் நான். நியாயமாகக் கேட்கவேண்டும் அல்லவா.

அவர் முதன்முறையாக என்னைப் பார்த்தார். "பழசைப் புதுசாக் காட்ட மாத்துவாங்க அம்மணி. புதுசைப் பழசாக் காட்ட எவன் மாத்துவான்? அதுவுமில்லாம இந்த முக்கோண லைட்டு இந்த உடம்புல உக்காராது, தகடே வேற."

கடைசியாக எழுத்து. இந்த உடம்பில் வந்த 2.3 லிட்டர் வண்டிக்கு ‘230 E’ என்றுதான் பெயர். எண் முன்னால், எழுத்து பின்னால். எழுத்தை முன்னால் கொண்டுவந்த வருடங்களில் அந்த உடம்பில் 230 என்ற வண்டியே கிடையாது, அதன் இடத்தில் 220 வந்துவிட்டது. ஆகவே இந்த விளக்கோடு ‘E 230’ என்று ஒரு கார் உலகத்தில் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வந்ததில்லை. வியாபாரி பூதக்கண்ணாடியை என்னிடம் தள்ளினார். எண்ணுக்குப் பின்னால், வெயிலில் மங்கிய நீலத்துக்கு நடுவே, மங்காத நீலத்தில் ஒரு E-யின் தடம் தெரிந்தது.

"பின்னால இருந்ததைப் பேத்து முன்னால ஒட்டியிருக்கறாங்க. புது எழுத்து வாங்கக்கூட மனசு வரலீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

எனக்குச் சிரிப்பு பொங்கியது. தப்பித்தேன் என்று நினைத்தேன். பொய் சொன்ன வீட்டில் யார் பெண்ணைக் கொடுப்பார்கள்?

என் அப்பா கொடுப்பார். வாடகைக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அவிநாசி ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகு சித்தப்பாவிடம், "பழசுன்னாலும் அந்த வண்டி வெச்சிருக்கறவன் நம்ம சாதிசனத்துல எத்தன பேரு? இதையும் தெரிஞ்சு வெச்சுக்குவோம், நாளைக்குப் பவுன் பேசறப்ப ஒதவும்" என்றார். சித்தப்பா, "அதுஞ்செரிதான்" என்றார். பின்சீட்டில் நான் இருந்தேன் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. அன்று அவர்கள் இருவரையும் நான் வெறுத்தேன். பிறகு வெறுப்பு போய்விட்டது. இளக்காரம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வந்தார்கள், அந்தக் காரில்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. காரை வாசலில் நிறுத்தியதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. புது மாடலுக்கு முன்னால் உருண்டையான நான்கு விளக்குகள், இதற்கு இல்லை. ஆகவே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, எழுத்துள்ள பின்பக்கம் தெருவுக்குத் தெரியும்படி நிறுத்தினார்கள்.

காபி கொடுத்தேன். விழுந்து கும்பிட்டேன். பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் ஏதாச்சும் கேக்கோணும்னா கேளு கண்ணு" என்றார். எல்லாப் பெண் பார்க்கும் வீட்டிலும் சொல்கிற உபசாரம் அது. பெண் தலைகுனிந்து ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டும். எல்லோரும் நல்ல அடக்கம் என்று சிரிக்கவேண்டும்.

நான் பையனைப் பார்த்துக் கேட்டேன். "ஏனுங்க, உங்க வண்டியில E பின்னாலதானுங்களே இருந்துச்சு? எப்ப முன்னால வந்தது?"

அவன் அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. பையனுக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. பரிதாபம், அவனுக்குக் கோபமே வரவில்லை. என்னைச் சமாதானப்படுத்த விரும்பினான்.

"ஒரிஜினல் எழுத்துதானுங்க. அப்பா சொன்னாருன்னு நாந்தான் கழட்டி முன்னால ஒட்டுனேன்."

அதற்குப் பிறகு காபி ஆறியது. பஜ்ஜியை யாரும் தொடவில்லை. "கேள்வி கேக்கற புள்ள நம்ம ஊட்டுக்கு ஆவாதுங்க" என்று பையனின் அப்பா எழுந்தார். என் அப்பா கார்வரைக்கும் பின்னாலேயே ஓடி, "சின்னப் புள்ளைங்க, தெரியாம கேட்டுப்போட்டா" என்று கைகூப்பினார். பொய் சொன்னவனிடம் மன்னிப்புக் கேட்ட மனிதனை நான் அன்றுதான் பார்த்தேன், அது என்னைப் பெற்றவர்.

உள்ளே வந்து, "நல்ல எடத்தைக் கெடுத்துப்போட்டயே" என்று கத்தினார். அவர்கள் பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தரகர் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். ‘அந்தப் புள்ள மாப்பிள்ளையப் பாக்கமாட்டா, வண்டிக்குப் பின்னால போய்ப் பாப்பா’ என்று பல்லடம் வரைக்கும் பேச்சு. அடுத்த ஒரு வருடம் கார் வைத்திருக்கிற ஒரு குடும்பமும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அப்பா ஜாதகக் கட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு, "செரி, படிச்சாவது தொலை" என்றார்.

படித்து முடித்தேன். யாரும் என் படிப்பை மதித்து விட்டுக்கொடுக்கவில்லை. கார் உள்ள அத்தனை வீடுகளிலும் ஏதோ ஒன்றைக் கழற்றி எங்கோ ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.